100 அடி காம்பவுண்டு சுவருக்கு எத்தனை செங்கல், எவ்வளவு செலவு?

கேள்வி: "மனையின் ஒரு பக்கம் 100 அடி நீளம், 5 அடி உயரத்தில் காம்பவுண்டு சுவர் கட்ட வேண்டும். கொத்தனார் 9 அங்குலச் சுவர் என்கிறார். உறவினர் நாலரை அங்குலமே போதும் என்கிறார். எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட், எவ்வளவு மணல் ஆகும்? இங்கே செங்கல் ஒன்று 10 ரூபாய், சிமெண்ட் மூட்டை 400, எம்-சாண்ட் யூனிட் 6,000, ஜல்லி யூனிட் 4,500. கொத்தனார் கூலி 1,100, சித்தாள் கூலி 800. மொத்தம் எவ்வளவு ஆகும்?"

நீங்கள் கொடுத்த இரண்டு அளவுகளும் கண்ணுக்குத் தெரியும் சுவரின் அளவுகள். செலவைத் தீர்மானிக்கும் இன்னும் இரண்டு அளவுகள் கேள்வியில் இல்லை. ஒன்று, தரைக்கு அடியில் சுவர் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் இறங்குகிறது என்பது. மற்றொன்று, உங்கள் ஊர்ச் செங்கல்லின் உண்மையான அளவு. கட்டட வேலைகளுக்கு அளவெடுத்து மதிப்பீடு தயாரிப்பதுதான் என் தொழில். "செங்கல் பற்றவில்லை" என்று பாதி வேலையில் நிற்பவர்களிடம் கேட்டுப் பார்த்தால், அநேகமாக இந்த இரண்டில் ஒன்றை விட்டிருப்பார்கள். அதனால் முதலில் அவற்றை நிரப்பிக்கொண்டு, பிறகு கணக்குக்கு வருகிறேன்.

செங்கல்லை ஒன்று மட்டும் எடுத்து அளக்காதீர்கள். சூளையில் வெந்த கல் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசப்படும். 20 கற்களை இடைவெளி இல்லாமல் நீளவாக்கில் வரிசையாக வைத்து, மொத்த நீளத்தை 20-ஆல் வகுங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் அப்படியே. கிடைத்த ஒவ்வொரு அளவோடும் சாந்துக்காக 0.4 அங்குலம், அதாவது 10 மில்லிமீட்டர், கூட்டுங்கள். இங்கே 8.6 × 4.1 × 2.6 அங்குலம் உள்ள கல்லை வைத்துக் கணக்குப் போடுகிறேன். சாந்தோடு சேர்ந்தால் இது 9 × 4.5 × 3 அங்குலம் ஆகிவிடும். பெருக்கினால் 121.5 கன அங்குலம். ஒரு கன அடியில் 1,728 கன அங்குலம் இருப்பதால், ஒரு கன அடிக் கட்டுக்கு 14.2 கல் வேண்டும். 9 அங்குலச் சுவரில் இது சதுர அடிக்கு ஏறக்குறைய பத்தே முக்கால் கல்.

உங்கள் ஊரில் கிடைப்பது சாந்து இல்லாமலே 9 × 4.25 × 3 அங்குலம் உள்ள பெரிய கல்லாக இருந்தால், ஒரு கன அடிக்கு 11.6 கல்தான் வரும். ஐந்து கல்லுக்கு ஒரு கல் குறைகிறது என்றே சொல்லலாம். ஆகவே கல்லின் விலையை மட்டும் கேட்டுவிட்டு மலிவு, விலை அதிகம் என்று முடிவு செய்ய முடியாது. கன அடிக்கு என்ன விலை ஆகிறது என்று பார்க்க வேண்டும். 10 ரூபாய்ச் சிறிய கல்லில் கன அடி 142 ரூபாய். 12 ரூபாய்ப் பெரிய கல்லில் 139 ரூபாய். வேகமாகவும் கட்டலாம், ஏனென்றால் எடுத்து வைக்கும் கற்களின் எண்ணிக்கை குறைவு.

அடுத்து, 9 அங்குலமா நாலரையா? காற்று பக்கவாட்டில் தள்ளும்போது தனித்து நிற்கும் சுவரைக் கவிழாமல் பிடித்து வைப்பது அதன் சொந்த எடைதான். தடிமனைப் பாதியாக்கினால் எடை பாதியாகிறது. அந்த எடை கவிழும் விளிம்பிலிருந்து இருக்கும் தூரமும் பாதியாகிறது. இரண்டும் பெருகுவதால் நிற்கும் திறன் கால்பங்குக்கு இறங்குகிறது. 5 அடி உயர 9 அங்குலச் சுவர், சாந்தின் பிடிப்பைக் கணக்கில் சேர்க்காமல் தன் எடையால் மட்டும், சதுர மீட்டருக்குச் சுமார் 70 கிலோ தள்ளலைத் தாங்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று கொடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. அதாவது 9 அங்குலமே விளிம்பில் நிற்கிறது. தூண் இல்லாத நாலரை அங்குலச் சுவரை 5 அடிக்கு எழுப்புவது என்னைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லாதது. கொத்தனார் சொன்னது சரி. அதோடு 10 அடிக்கு ஒன்று வீதம் பதின்மூன்றரை அங்குலச் சதுரத் தூண்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 100 அடிக்கு இரு முனைகளையும் சேர்த்து 11 தூண். சுவருக்கு வெளியே துருத்தும் பகுதி மட்டும் மொத்தம் 23 கன அடி, 330 கல். இந்த வேலையில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் இல்லை.

இப்போது மண்ணுக்கு அடியில். சாதாரண கெட்டி மண் என்று எடுத்துக்கொள்கிறேன். 2 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்துக்கு வானம், அதாவது அடித்தளப் பள்ளம், தோண்டி, அடியில் அரை அடிக்குச் சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவையில் 40 மி.மீ. ஜல்லிக் காரை. அதன்மேல் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு அடி உயரச் செங்கல் கட்டு. அதன்மேல் பதின்மூன்றரை அங்குல அகலத்தில் இன்னொரு அடி. அதோடு தரை மட்டத்துக்கு வந்துவிடுகிறோம். தூணும் இதே பதின்மூன்றரை அங்குல அகலம் என்பதால் தனி அடித்தளம் இல்லாமல் இந்தப் படியின் மேலேயே நிற்கும்.

கன அளவைக் கூட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் சுவர் 100 × 5 × 0.75, அதாவது 375 கன அடி; தூண் துருத்தலோடு 398. கீழே முதல் படி 150, இரண்டாம் படி 112.5, சேர்த்து 262.5 கன அடி. மொத்தம் 660 கன அடிக் கட்டு. 14.2-ஆல் பெருக்கினால் மேலே 5,650 கல், கீழே 3,730 கல். பத்துக் கல்லில் நான்கு மண்ணுக்குள் போகிறது. நீளத்தையும் உயரத்தையும் மட்டும் பெருக்கிவிட்டு வருகிற "சதுர அடிக்கு இத்தனை கல்" கணக்கில் விடுபடுவது இந்த நான்குதான். மொத்தம் 9,400 என்று வைத்து, உடைசலுக்கும் வெட்டுக் கல்லுக்கும் நூற்றுக்கு 5 சேர்த்தால் 9,900 கல். இறக்கும்போதே நிறைய உடைகிற கல்லாக இருந்தால் 5 போதாது. ஆனால் அப்படி உடைகிற கல்லைத் திருப்பி அனுப்புவதுதான் நல்லது.

சாந்துக்கு வருவோம். கல்லின் சொந்தக் கன அளவு 91.7 கன அங்குலம், சாந்தோடு 121.5. ஆக, கட்டின் கன அளவில் ஏறக்குறைய கால்பங்கு சாந்து. 660-இல் கால்பங்கு 165 கன அடி. தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் உலர்ந்த கலவை சுருங்கும் என்பதால் இதை 1.33-ஆல் பெருக்க வேண்டும். உலர் கலவை 220 கன அடி. 1:6 கலவை என்றால் ஏழு பங்கில் ஒரு பங்கு சிமெண்ட், 31.4 கன அடி. 50 கிலோ மூட்டை ஒன்றே கால் கன அடி என்பதால் 25 மூட்டை. மீதி ஆறு பங்கு மணல், 189 கன அடி.

இந்த 25 மூட்டை ஒரு நிபந்தனையோடு வருகிறது. படுக்கைச் சாந்து, அதாவது ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே பரப்பும் சாந்து, 0.4 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. கட்டிக்கொண்டிருக்கும்போதே இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சுவரில் நான்கு வரிசைக்கு டேப்பை வைத்துப் பாருங்கள். இந்தக் கல்லுக்கு நான்கு வரிசை சரியாக ஒரு அடி வர வேண்டும். பதின்மூன்றரை அங்குலம் வந்தால் ஒவ்வொரு படுக்கையிலும் முக்கால் அங்குலத்துக்கு மேல் சாந்து கிடக்கிறது என்று பொருள். அப்போது கட்டில் சாந்தின் பங்கு காலிலிருந்து மூன்றில் ஒன்றாக ஏறிவிடும். 25 மூட்டை 33 ஆகும். கல் ஆயிரம் மிச்சமாகும், அதைப் பார்த்து மகிழ்ச்சியடைய வேண்டாம். தடித்த சாந்து சுவரின் பலத்தைக் குறைக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் கோணலான கல். ஒரு முனை உயர்ந்தும் மறுமுனை தாழ்ந்தும் இருக்கும் கல்லை மட்டத்துக்குக் கொண்டுவர, கொத்தனாருக்குச் சாந்தைத் தடிப்பாக வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்னொரு காரணம், கல்லை நனைக்காமல் கட்டுவது. உலர்ந்த கல் சாந்தின் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். பிறகு தட்டி அமுக்கினாலும் கல் கீழே இறங்காது.

மீதி வேலைகளின் பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிக் காரை 100 கன அடி: ஒன்பதரை, அதாவது 10 மூட்டை சிமெண்ட், 47 கன அடி மணல், 95 கன அடி ஜல்லி. இருபக்கப் பூச்சு, சுவரின் தலை, தூண் பக்கங்கள் எல்லாம் சேர்த்து 1,115 சதுர அடி. 12 மி.மீ. தடிமனில் 1:5 கலவைக்கு 10 மூட்டை, 62 கன அடி மணல். பூச்சுக்குச் சன்னமான பி-சாண்டைத் தனியாக வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், நான் எம்-சாண்ட் விலையிலேயே போட்டிருக்கிறேன். சுவர்த் தலைக்கு மழைநீர் இறங்காமலிருக்க 2 அங்குலக் கான்கிரீட், இருபக்கமும் ஒரு அங்குலம் நீட்டிப் போட்டால் 3 மூட்டை, 7 கன அடி மணல், 14 கன அடி சிறு ஜல்லி. இந்த நீட்டலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு மழைநீர் சுவர் முகத்திலேயே வழிந்து பூச்சில் கறுப்புக் கோடுகள் விழுகின்றன.

கூட்டினால் சிமெண்ட் 48 மூட்டை. சிந்தல் சேர்த்து 50. மணல் 305 கன அடி. ஒரு யூனிட் 100 கன அடி என்பதால் மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். மூன்றே கால் யூனிட் வாங்குங்கள். மணல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஈரமான மணல் உப்பும். நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு ஈரம் இருந்தாலே கன அளவு 20 முதல் 30 சதவீதம் வரை கூடிக் காட்டும், சன்ன மணலில் இன்னும் கூட. லாரிப் பெட்டியில் அளந்து வாங்கிய ஈர மணலில், உண்மையில் மணல் குறைவு, இடைவெளி அதிகம். சந்தேகம் இருந்தால் ஒரு வாளி மணலை மட்டமாக நிரப்பி, வேறொன்றில் கொட்டி, வாளியில் பாதித் தண்ணீர் எடுத்துக்கொண்டு அதே மணலைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறிவிடுங்கள். மணல் படிந்ததும் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு உப்பல். முழுக்க நனைந்த மணல் உலர்ந்த மணலின் அளவுக்கே வந்துவிடும் என்பதால் இந்தச் சோதனை நம்பகமானது. மழைக் காலத்தில் மணல் வாங்கினால் மூன்றே கால் யூனிட்டை நான்காக்கிக்கொள்ளுங்கள்.

இனிப் பணம். நீங்கள் கொடுத்த விலைகளிலேயே போடுகிறேன். 9,900 கல் ரூ. 99,000. 50 மூட்டை சிமெண்ட் ரூ. 20,000. மூன்றே கால் யூனிட் மணல் ரூ. 19,500. இரண்டு வகை ஜல்லியும் சேர்த்து ஏறக்குறைய 1.1 யூனிட், ரூ. 5,000. பொருள் மட்டும் ரூ. 1,43,500. இதில் மூன்றில் இரண்டு பங்கு செங்கல்லுக்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். சிமெண்ட் மூட்டைக்குப் பத்து ரூபாய் பேரம் பேசினால் மொத்தத்தில் 500 ரூபாய்தான் மிச்சம். கல்லுக்கு 50 காசு பேசி முடித்தால் ஏறக்குறைய 5,000 மிச்சம். பேரத்தை எங்கே நடத்த வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

கூலியைப் பொறுத்தவரை நான் அவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். 9 அங்குலச் சுவரில் ஒரு கொத்தனார் ஒரு நாளில் 500 முதல் 600 கல் வைப்பார். 550 என்று வைத்தால் 9,400 கல்லுக்கு 17 நாள். பூச்சு நாளொன்றுக்கு 110 சதுர அடி என்றால் 10 நாள். காரைக்கும் தலைக் கான்கிரீட்டுக்கும் 3 நாள். மொத்தம் 30 கொத்தனார் நாள். ஒரு கொத்தனாருக்கு ஒன்றரைச் சித்தாள் வீதம் 45 நாள். 500 கன அடி வானம் தோண்ட 6 ஆள் நாள். உங்கள் கூலியில் ரூ. 33,000 கொத்தனாருக்கு, ரூ. 40,800 சித்தாளுக்கு, சேர்த்து ரூ. 73,800. நல்ல ஜோடி அமைந்தால் இது 65,000-க்குள் முடியும். தண்ணீரும் கல்லும் தூரத்திலிருந்து சுமந்துவர வேண்டிய இடமென்றால் 85,000-ஐத் தாண்டும். ஆக மொத்தம் ரூ. 2,17,300. ஓடும் அடிக்கு ஏறக்குறைய 2,170 ரூபாய். இதில் கேட், வர்ணம், தண்ணீர், கல் இறக்கும் கூலி எதுவும் இல்லை. கையில் இன்னும் 15,000 முதல் 20,000 வரை தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களில் எது எவ்வளவு உறுதி என்றால், உங்கள் கல்லின் அளவும் மேலே சொன்ன குறுக்குவெட்டும் இதேதான் என்றால் கல்லின் எண்ணிக்கை நூற்றுக்கு மூன்று, நான்குக்கு மேல் தவறாது. சிமெண்டும் மணலும் கொத்தனாரின் கையைப் பொறுத்தவை. நூற்றுக்குப் பத்து ஏறலாம் இறங்கலாம்.

உறவினர் சொன்ன நாலரை அங்குலத்தையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டியதில்லை. 10 அடிக்கு ஒன்று வீதம் கம்பி போட்ட 9 அங்குலச் சதுரக் கான்கிரீட் தூண், தரைமட்டத்தில் அவற்றை இணைக்கும் ஒரு கான்கிரீட் பெல்ட், இடையில் நாலரை அங்குலச் சுவர் என்று கட்டுவது வழக்கத்தில் உள்ள நல்ல முறை. அப்போது காற்றைத் தாங்குவது தூண்; சுவர் வெறும் அடைப்பு. தரைக்கு மேலே உள்ள கல் பாதியாகும். கல், சாந்து, கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 40,000 ரூபாய் குறையும். ஆனால் 11 தூண்களுக்குச் சுமார் 130 கிலோ கம்பி, பெல்ட்டுக்குத் தனியாகக் கம்பி, இவற்றின் கான்கிரீட், பலகை அடிக்கும் கூலி ஆகியவை இதிலிருந்து கழியும். கம்பி விலையையும் பலகைக் கூலியையும் விசாரித்துவிட்டு இந்த 40,000-த்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான இடங்களில் வித்தியாசம் கொஞ்சம்தான் மிஞ்சும். மனையில் நாலரை அங்குல இடம் மிச்சமாவது சிலருக்கு அதைவிடப் பெரிய காரணமாக இருக்கிறது.

எந்த முறையில் கட்டினாலும் 100 அடியை ஒரே துண்டாகக் கட்ட வேண்டாம். வெயிலிலும் ஈரத்திலும் சுவர் நீண்டு சுருங்கும். 30 முதல் 40 அடிக்கு ஒரு முறை, தூணை ஒட்டி, அரை அங்குல இடைவெளி விட்டுக் கட்டினால் வெடிப்பு அந்த இடைவெளியோடு நின்றுவிடும். விடாவிட்டால் சுவரே தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்துக்கொள்ளும்.

இரண்டு நிலைகளில் மேலே உள்ள கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலாவது, கரிசல் மண். கோடையில் நிலம் விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கிறது என்றால் இரண்டரை அடி ஆழம் போதாது. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் அந்த அடுக்குக்குக் கீழே போக வேண்டும், அல்லது கம்பி போட்ட பெல்ட்டோடு வேறு விதமாக அடித்தளம் அமைக்க வேண்டும். இரண்டாவது, சுவரின் ஒரு பக்கம் மண் மட்டம் மறுபக்கத்தைவிட உயரமாக இருப்பது, அல்லது பின்னால் மண் கொட்டி மேடாக்கப்போகிறீர்கள் என்பது. ஒன்றரை, இரண்டு அடி மேடானாலே அது காம்பவுண்டு சுவர் அல்ல, மண்ணைத் தாங்கும் சுவர். மழையில் நனைந்த மண்ணின் தள்ளலோடு தண்ணீரின் அழுத்தமும் சேரும். 9 அங்குலச் செங்கல் சுவர் அதைத் தாங்காது. அந்த இடத்தை நேரில் பார்த்து ஒரு பொறியாளர் வரைபடம் போட்டுக் கொடுத்த பிறகு கல்லுக்கு முன்பணம் கொடுங்கள்.